எழுபத்தைந்தாம் பெட்டி: பேக்கிங் லிஸ்ட்டைச் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் டாக்குமென்டேஷன் பிரிவில் சேர்ந்த முதல் வருடம், நான் தயாரித்த ஒரு பேக்கிங் லிஸ்ட் இன்வாய்ஸோடு அணுப் பிசகாமல் ஒத்துப்போனது. பெட்டி 125, பீஸ் 6,000, நெட் வெயிட் 1020.00 கிலோ, கிராஸ் வெயிட் 1145.00 கிலோ, கன அளவு 9.000 சிபிஎம், அதாவது கன மீட்டர். இரண்டு தாள்களிலும் அதே எண்கள். அதைப் பார்த்த சீனியர் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "இவ்வளவு ரவுண்டா வருதே தம்பி, கடைசிப் பெட்டியைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. சரக்கு அதற்குள் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. ஹாம்பர்க்கில் பையரின் குடோனில் நேவி நிறத்தின் கடைசிப் பெட்டியான 75-ஆம் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே 48 பீஸ் இல்லை, 18தான் இருந்தது. 30 பீஸுக்கான பணத்தோடு, எண்ணிப் பார்த்த கூலியையும் சேர்த்து டெபிட் நோட் வந்தது. இங்கே ஷிப்பிங் பில்லிலும் 6,000 பீஸ் என்று சுங்கத்திடம் சொல்லியாகிவிட்டது. ஏற்றுமதிக்கு அரசு திருப்பிக் கொடுக்கும் வரியான ட்ராபேக் கேட்டதும் அந்த 6,000-க்குத்தான். 30 பீஸ் சின்ன விஷயம். போகாத சரக்கைப் போனதாக எழுதிக் கொடுத்தது சின்ன விஷயமில்லை.

அந்தப் பெட்டியை வைத்தே இந்த வேலையைச் சொல்கிறேன். எண்களை மட்டும் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலில் எது, அப்புறம் எது

ஆர்டர் ஷீட்டில் இருக்கும் 6,000 பீஸை எடுத்து இன்வாய்ஸ் போடுவது, அதே 6,000-ஐ பெட்டிக்கு 48 என்று வகுத்து 125 பெட்டி என்று பேக்கிங் லிஸ்ட் போடுவது: புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதால் ஒத்துப்போகாமல் எங்கே போகும்? அந்த ஒற்றுமையால் எதுவும் நிரூபணமாகவில்லை.

சரியான வரிசை தலைகீழ். பேக்கிங் தளத்தில் பெட்டி ஒட்டியபடியே எழுதும் நோட்டுதான் முதல் ஆதாரம். அதிலிருந்து பேக்கிங் லிஸ்ட். பேக்கிங் லிஸ்ட்டில் வந்த பீஸ் எண்ணிக்கையை வைத்து இன்வாய்ஸ். இரண்டையும் வைத்து, நமக்காகச் சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட்டான சிஎச்ஏ, சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்வார். அவசரத்துக்காக இன்வாய்ஸை முன்கூட்டியே போட வேண்டி வந்தால் அதை டிராஃப்ட் என்று எழுதி வையுங்கள். பேக்கிங் முடியும்வரை சிஎச்ஏவுக்கு அனுப்பாதீர்கள். தாக்கல் ஆன ஷிப்பிங் பில்லைத் திருத்த 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தின் 149-வது பிரிவில் வழி உண்டுதான். ஆனால் அதற்கு அதிகாரியின் அனுமதி வேண்டும், சரக்கு கப்பல் ஏறியபிறகு கேட்டால் அப்போதே இருந்த ஆவணத்தைக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும்.

சரக்கு இதுதான்

ரவுண்ட் நெக் டி-ஷர்ட், நேவி 3,600, வெள்ளை 2,400. எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 என்று ஆறு பீஸ் ஒரு செட். பெட்டிக்கு 8 செட், அதாவது 48 பீஸ். வெள்ளை முழுதாக வந்துவிட்டது. நேவியில் செக்கிங்கில் கழிந்ததுபோக 3,570தான் தேறியது. அதனால் 74 முழுப் பெட்டி, மீதி 18 பீஸுக்கு உயரம் குறைந்த ஒரு பெட்டி. சரியான பேக்கிங் லிஸ்ட் இப்படி இருந்திருக்க வேண்டும்:

| பெட்டி எண் | நிறம் | பெட்டிகள் | பெட்டிக்கு பீஸ் | பெட்டிக்கு நெட் (கிலோ) | பெட்டிக்கு கிராஸ் (கிலோ) | வெளி அளவு (செ.மீ.) |
|---|---|---|---|---|---|---|
| 1–74 | நேவி | 74 | 48 | 8.16 | 9.16 | 60×40×30 |
| 75 | நேவி | 1 | 18 | 3.06 | 3.86 | 60×40×15 |
| 76–125 | வெள்ளை | 50 | 48 | 8.16 | 9.16 | 60×40×30 |

மொத்தம்: 125 பெட்டி, 5,970 பீஸ், நெட் 1014.90, கிராஸ் 1139.70, கன அளவு 8.964 சிபிஎம். நான் எக்செல்லில் முதல் வரியை 125 வரை இழுத்துவிட்டதால் 75-ஆம் பெட்டியும் முழுப் பெட்டி ஆனது. பெட்டி எண்ணிக்கை மாறவில்லை. நெட்டில் 5.10 கிலோ, கிராஸில் 5.30 கிலோதான் வித்தியாசம். ஒரு டன்னுக்கு மேல் உள்ள சரக்கில் இது யார் கண்ணிலும் படாது.

படி 1: பெட்டிகளை எண்ணுங்கள்

எண்களைத் தொடுவதற்கு முன் பேக்கிங் தளத்துக்கு நடந்து போங்கள். 1-இலிருந்து 125 வரை பெட்டி எண் விடாமல், இரண்டு முறை வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். எண் விடுபடுவது பெரும்பாலும் இன்ஸ்பெக்‌ஷன் நாளில்தான். பையர் தரப்பு ஆள் சில பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லுவார். திரும்ப ஒட்டும்போது புதுப் பெட்டியில் பழைய எண் எழுதாமல் விடுவார்கள், அல்லது பீஸ் இடம் மாறிவிடும்.

பிறகு ஒவ்வொரு நிறத்தின் கடைசிப் பெட்டி. சூப்பர்வைசரிடம் நேராகக் கேளுங்கள். "அண்ணா, நேவி கடைசிப் பெட்டியில எத்தனைங்க?" "பதினெட்டுங்க." அவ்வளவுதான், பத்து நொடி. இந்தப் பத்து நொடியைச் செலவழிக்காததற்குத்தான் எனக்கு டெபிட் நோட் வந்தது.

தாளில் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது ஒரு சின்னக் கண்ணி உண்டு. 76-இலிருந்து 125 வரை எத்தனை பெட்டி? 125-இல் 76-ஐக் கழித்தால் 49 வரும். முதல் பெட்டியையும் சேர்க்க வேண்டும் என்பதால் 1 கூட்டி 50. கையால் அடிக்கும்போது இந்த ஒன்று அடிக்கடி விழுந்துபோகும். அதனால் சூத்திரமாகவே வைத்துவிடுங்கள். A, B பத்திகளில் முதல் எண்ணும் கடைசி எண்ணும், D-யில் பெட்டிக்கு பீஸ், F-இல் பெட்டிக்கு நெட், H-இல் பெட்டிக்கு கிராஸ், J, K, L-இல் செ.மீ. அளவுகள் என்று வைத்துக்கொண்டால்:

```
C2: =B2-A2+1
E2: =C2*D2
G2: =C2*F2
I2: =C2*H2
M2: =C2*J2*K2*L2/1000000
```

மொத்தங்கள் கீழே SUM போட்டு வரட்டும். மொத்தத்தைக் கையால் அடிக்காதீர்கள். ஒரு கட்டத்தில் யாராவது எடையை "677.84 kg" என்று எழுத்தாக அடித்து வைத்தால் SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மறைத்து வைத்த பழைய வரியையோ சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். போன ஷிப்மென்ட்டின் ஃபைலை காப்பி எடுத்து வேலை செய்கிறவர்கள் மறைந்த வரிகளை முதலில் திறந்து பார்ப்பது நல்லது.

படி 2: நெட் என்றால் எந்த நெட்?

இன்வாய்ஸில் நெட் 985.05 என்றும் பேக்கிங் லிஸ்ட்டில் 1014.90 என்றும் இருந்தால் யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அவசரப்பட்டு ஒன்றை மாற்றாதீர்கள். வித்தியாசத்தை எடுங்கள்: 29.85 கிலோ. அதை 5,970 பீஸால் வகுங்கள். சரியாக 5 கிராம். ஒரு பாலிபேக்கின் எடை!

அப்படியானால் இரண்டு எண்களும் உண்மை, இரண்டும் வேறு வேறு எடைகள். துணி மட்டும் என்றால் அது நெட் நெட் வெயிட். பாலிபேக், டேக் எல்லாம் சேர்ந்தால் எங்கள் தொழிலில் நெட் வெயிட். அட்டைப்பெட்டி, டேப் சேர்ந்தால் கிராஸ். நம் செட்டில் துணி 990 கிராம்: எஸ் 150, எம் 160, எல் 170, எக்ஸ்எல் 180 என்று ஒவ்வொன்றின் எண்ணிக்கையாலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 8 செட்டுக்கு 7.92 கிலோ. 48 பாலிபேக்குக்கு 0.24 கிலோ சேர்ந்து 8.16.

எதைப் போடுவது என்பது பையரின் மேனுவலைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இறக்குமதி அறிவிப்பில் நிகர எடை என்றால் எந்தப் பேக்கிங்கும் சேராத சரக்கின் எடை. அதனால் ஜெர்மன் பையர் நெட் நெட்டைத் தனியாகக் கேட்பது நியாயம்தான். அப்படிக் கேட்டால் பேக்கிங் லிஸ்ட்டில் இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸின் அடியில் "நெட் வெயிட்" என்ற பெயரில் எது வருகிறதோ, பேக்கிங் லிஸ்ட்டிலும் அதே பெயரில் அதே எண் வர வேண்டும். ஒரே பெயர் இரண்டு பொருளில் வரக் கூடாது.

எடை எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். சாம்பிள் பீஸின் எடையைப் பெருக்கிப் போடுவது பழைய வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு நிறத்திலும் நாலைந்து முழுப் பெட்டிகளையாவது தராசில் வையுங்கள், ஏனென்றால் லாட்டுக்கு லாட் துணியின் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, மாறும். பருத்தியும் அட்டையும் ஈரம் குடிப்பவை வேறு. ஐப்பசி மழையில் எடுத்த எடையும் சித்திரையில் எடுத்த எடையும் ஒன்றாக இருக்காது. அதனால் போன ஆர்டரின் எடையை இந்த ஆர்டருக்கு எடுத்துப் போடாதீர்கள், ஸ்டைல் ஒன்றே ஆனாலும்.

படி 3: கிராஸிலிருந்து நெட்டைக் கழியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கிராஸ் 1139.70, நெட் 1014.90, வித்தியாசம் 124.80 கிலோ. 125 பெட்டியால் வகுத்தால் ஏறக்குறைய 1 கிலோ. இப்போது ஒரு காலிப் பெட்டியை டேப்போடு தராசில் வையுங்கள். 1 கிலோ காட்டினால் சரி. உயரம் குறைந்த பெட்டி 0.80 காட்டும். 124-ம் 0.80-ம் சேர்ந்து அதே 124.80.

இன்வாய்ஸில் கிராஸை யாரோ 1193.70 என்று அடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போது பெட்டிக்கு 1.43 கிலோ வரும். தராசில் 1 கிலோ காட்டிய பெட்டிக்கு 1.43 எப்படி வரும்? தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கப்பிள்ளைத் தந்திரம் இருக்கிறது. இரண்டு எண்களின் வித்தியாசம் 54, அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இப்படித்தான் வரும். 39 என்பது 93 ஆகியிருக்கிறது.

ரவுண்ட் செய்வதிலும் கை வைக்காதீர்கள். பெட்டி கிராஸ் 9.16-ஐ அழகுக்காக 9.2 ஆக்கினால் 124 பெட்டியில் கிட்டத்தட்ட 5 கிலோ கூடிவிடும். இன்வாய்ஸில் சரியான மொத்தமும் பேக்கிங் லிஸ்ட்டில் ரவுண்ட் செய்த வரிகளும் இருந்தால் கூட்டிப் பார்க்கிறவருக்கு இரண்டும் முட்டும். வரிக்கு இரண்டு தசமம், சிபிஎம்முக்கு மூன்று தசமம் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு இரண்டு தாள்களிலும் அதையே பின்பற்றுங்கள்.

படி 4: கன அளவு

இதில் தப்பு தாளில் இருப்பதைவிட அளக்கும் டேப்பில்தான் அதிகம். அட்டைப்பெட்டிக்காரர் பில்லில் போடும் அளவு பெரும்பாலும் உள் அளவு. கப்பலில் இடம் பிடிப்பது வெளி அளவு. உள்ளே 60×40×30 உள்ள ஐந்து ப்ளை பெட்டி, ஓரங்களும் மேல் கீழ் மடிப்புகளும் சேர்ந்து வெளியே 61×41×32 ஆகலாம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றிரண்டு செ.மீ.தானே என்று தோன்றும். பெட்டிக்கு 0.072 சிபிஎம் 0.080 ஆகிவிடும். நம் சரக்கில் மொத்தம் ஏறக்குறைய ஒரு சிபிஎம் கூடும். ஒரே கன்டெய்னரை மற்றவர்களோடு பகிர்ந்து போகும் எல்சிஎல் சரக்குக்கு வாடகை சிபிஎம்முக்கோ டன்னுக்கோ, எது அதிகமோ அதற்கு. நம் சரக்கு 1.14 டன்தான், ஆனால் 9 சிபிஎம். ஆகவே பணம் கன அளவுக்குத்தான் போகிறது. சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றும் கிடங்கான சிஎஃப்எஸ்ஸில் அளந்து பார்த்து வேறு எண் சொன்னால் அவர்கள் எண்தான் நிற்கும். ஒட்டி முடித்து, துணி அடைத்து, கொஞ்சம் உப்பி நிற்கும் பெட்டியை வெளியே அளப்பதுதான் சரி.

அப்புறம் அங்குலம். சில பையர்கள் பெட்டி அளவை அங்குலத்தில் கேட்பார்கள். 24×16×12 என்று அடித்துவிட்டு செ.மீ. சூத்திரத்திலேயே விட்டால் மொத்தம் ஏறக்குறைய 0.57 சிபிஎம் என்று வரும். பார்த்தவுடன் பிடிபட வேண்டிய தப்புதான், ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்குக் கண் எதையும் பிடிக்காது. அதற்காக ஒரு வகுத்தல் வைத்திருக்கிறேன்: கிராஸை சிபிஎம்மால் வகுப்பது. நம் சரக்கில் ஒரு சிபிஎம்முக்கு 127 கிலோ. அங்குலத் தப்பில் அது 2,000 கிலோவுக்குப் பக்கத்தில் போகும். ஒரு கன மீட்டர் தண்ணீரே 1,000 கிலோதான். டி-ஷர்ட் தண்ணீரைவிட இரு மடங்கு கனமா என்ன?

மொத்த வரி 5-ஆவது வரிசையில் இருந்தால் சோதனைகள் நான்கும் இவை:

```
=(I5-G5)/C5
=G5/E5
=M5/C5
=I5/M5
```

முதலாவது காலிப் பெட்டியின் எடை. இரண்டாவது பாலிபேக்கோடு ஒரு பீஸின் எடை, நமக்கு 0.170. மூன்றாவது சராசரிப் பெட்டியின் கன அளவு. நான்காவது இப்போது சொன்ன அடர்த்தி.

இந்த நான்கும் எதைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய தப்பான பேக்கிங் லிஸ்ட்டை இதில் போட்டால் 1.000, 0.170, 0.072, 127.2 என்று நான்கும் அருமையாக வரும். தாளுக்குள் முரண்பாடு இல்லையே! முரண்பாடு தாளுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்தது. அதனால்தான் படி 1-ஐ எக்செல்லை வைத்து ஈடுகட்ட முடியாது.

படி 5: இன்வாய்ஸை அருகில் வைத்துப் படியுங்கள்

ஒருவர் பேக்கிங் லிஸ்ட்டிலிருந்து சத்தமாக வாசிக்க, இன்னொருவர் இன்வாய்ஸில் டிக் அடிப்பது நல்லது. நிறவாரியாக பீஸ்: நேவி 3,570, வெள்ளை 2,400. பிறகு மொத்தப் பெட்டி, நெட், கிராஸ், சிபிஎம். பெட்டியின் வெளியே ஒட்டிய மார்க்கும் ஆர்டர் எண்ணும் இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டிகளைப் பேலட்டில் கட்டினால் கதை மாறும். பேலட்டின் எடை கிராஸில் சேரும், உயரமும் இடைவெளியும் கன அளவைக் கூட்டும். "பேக்கேஜ்" என்ற இடத்தில் 125 பெட்டியா, பேலட் எண்ணிக்கையா என்பதை சிஎச்ஏவிடம் முன்பே பேசி முடிவு செய்து, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி போட வேண்டும்.

பையரின் வங்கி பணத்துக்கு உறுதி கொடுக்கும் எல்சியில் போகும் சரக்கென்றால் வங்கியும் இதே வேலையைச் செய்யும். எல்சிக்கான சர்வதேச விதித் தொகுப்பான யுசிபி 600-இன் 14-வது விதிப்படி ஆவணங்களில் உள்ள விவரங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒன்றோடொன்று முரண்படக் கூடாது. நெட் 1014.90 ஒன்றிலும் 1020.00 இன்னொன்றிலும் இருந்தால் அது முரண். 30-வது விதியில் அளவில் 5 சதவீதம் கூடக் குறையப் போகலாம் என்று இருப்பதைக் காட்டிச் சிலர் ஆறுதல் சொல்லுவார்கள். எல்சியில் அளவு பீஸ் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ சொல்லப்பட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நம் சரக்கு பீஸ் கணக்கு. ஆகவே 30 பீஸ் குறையும் என்று தெரிந்த அன்றே மெர்ச்சண்டைசரிடம் சொல்லி, எல்சியில் குறைவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முழுக் கன்டெய்னர் போகும்போது புதியவர்கள் குழம்பும் இன்னொரு எடை விஜிஎம், அதாவது சரக்கோடு சேர்ந்த கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை. 2016 ஜூலை 1 முதல் இது இல்லாமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இதில் பேக்கிங் லிஸ்ட் கிராஸோடு கன்டெய்னரின் சொந்த எடையும், உள்ளே முட்டுக் கொடுத்த கட்டையும் சேரும். 20 அடி கன்டெய்னரே 2 டன்னுக்கு மேல். விஜிஎம்மும் கிராஸும் ஒத்துப்போகவில்லையே என்று பதற வேண்டாம், ஒத்துப்போனால்தான் பதற வேண்டும். எல்சிஎல்லில் இதை கன்சாலிடேட்டர் பார்த்துக்கொள்வார், நாம் கொடுக்கும் கிராஸை வைத்து.

எங்காவது ஓர் எண் மாற வேண்டும் என்றால் பேக்கிங் லிஸ்ட்டில் பெட்டி வரியில் மாற்றுங்கள், மொத்தத்தில் அல்ல. அங்கிருந்து மொத்தம் தானாக மாறும், அதைப் பார்த்து இன்வாய்ஸ் மாறட்டும். பழைய பிரதியை அழித்துவிட்டு, புதியதில் திருத்த எண்ணும் தேதியும் போட்டு, சிஎச்ஏவுக்கு இரண்டு தாளையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். திருத்திய பேக்கிங் லிஸ்ட்டும் திருத்தாத இன்வாய்ஸும் அவர் மேஜையில் ஒன்றாகக் கிடந்ததை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். இரண்டையும் அனுப்பியவன் நான்தான்.